குன்னூர் வணிக வளாகம்: லிப்ட் அருகிலுள்ள பெயர்ப் பலகை, படத்தில் உள்ளபடி

பலகை வரிசையிலேயே, மேலிருந்து கீழாக. சதுர அடைப்புக்குள் இருப்பவை படியெடுத்தவர் குறிப்பு.

4ஆம் தளம்
401 – தேயிலை ஏல முகவர்
402 – பட்டயக் கணக்காளர்
404 – வழக்கறிஞர் அலுவலகம்
[403 இல்லை. அந்த இடத்தில் ஸ்டிக்கர் உரித்த பசைத் தடம் மட்டும் தெரிகிறது. ஊகித்து எதையும் சேர்க்கவில்லை.]

3ஆம் தளம் – மேல் சாலை வாயில்
301 – வரவேற்பு, தபால் பெட்டிகள்
302 – பல் மருத்துவமனை
[சரிவில் கட்டிய கட்டடம். மேல் சாலையிலிருந்து நடந்து வருபவர் நேராக நுழைவது இந்தத் தளம். 'தரைத்தளம்' என்பது கீழ்ச் சாலை மட்டம். வழி சொல்லும்போது இரண்டையும் குழப்பினால், ஆள் மூன்று மாடி தவறி நிற்பார்.]

2ஆம் தளம்
203 – கூட்ட அறை
201 – காப்பீட்டு முகவர்
202 – தட்டச்சு, நகலகம்
[203 முதலில் வருவது பலகையில் உள்ளபடியே.]

1ஆம் தளம்
10[1 அல்லது 7] – கூரியர்
[கடைசி இலக்கத்தின் மேல் ஃபிளாஷ் வெளிச்சம். நேரில் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.]

தரைத்தளம்
ஜி1 – மருந்துக் கடை
ஜி2 – காவலர் அறை

லிப்ட் பொத்தான்கள்
இடப்பக்கம்: 4, 2, ஜி
வலப்பக்கம்: 3, 1, பி
அடியில்: கதவு திற, கதவு மூடு, மணி
['பி' பொத்தான் உண்டு, பெயர்ப் பலகையில் அந்தத் தளமே இல்லை.]