கப்பல் சமையலறையில் தென்னிந்தியப் பிரிவு செஃப் டி பார்ட்டி பணிக்கு விண்ணப்பம்

அனுப்புநர்:
மு. குணசேகரன்,
சுங்கை சிப்புட், 31100 பேராக்.

பெறுநர்:
சமையல் பிரிவுத் தேர்வு அதிகாரி,
கப்பல் பணியாளர் சேர்ப்பு அலுவலகம்,
போர்ட் கிள்ளான்.

12.3.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் தென்னிந்தியப் பிரிவுக்கு செஃப் டி பார்ட்டி தேவை என்ற தங்கள் அறிவிப்பைக் கண்டு விண்ணப்பிக்கிறேன். ஆங்கிலப் படிவமும் சான்றிதழ் நகல்களும் தனியே இணைத்திருக்கிறேன். பிரிவை எப்படி நடத்துவீர்கள் என்று தமிழில் எழுதச் சொல்லியிருந்தீர்கள். அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட்டில் உள்ள ஹோட்டலில் 2013-இல் கமிஸாகச் சேர்ந்தேன். 2019 முதல் இந்தியப் பிரிவின் செஃப் டி பார்ட்டி. காலைப் பஃபே, ஆ லா கார்ட், கல்யாண விருந்து மூன்றும் என் பிரிவின் பொறுப்பு. தோட்டக் குடும்பங்களின் கல்யாணம் என்றால் இலைக்கு 300 பேர், 400 பேர் என்று வரும். சமையல் கலையில் மலேசியத் திறன் சான்றிதழ் நிலை 3, உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றிதழ், காலாவதியாகாத டைபாய்டு தடுப்பூசி அட்டை ஆகியவை உள்ளன. கடலில் வேலை செய்த அனுபவம் இல்லை. எஸ்டிசிடபிள்யூ அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டேன்.

முதலில் தோசை மாவு. கப்பலில் தென்னிந்தியப் பிரிவின் பெயர் கெடுவதும் நிலைப்பதும் காலைத் தோசையில்தான் என்பது என் கருத்து. 80 கிராம் மாவில் ஒரு தோசை என்றால், 300 தோசைக்கு 24 கிலோ மாவு வேண்டும். அதற்கு 8 கிலோ இட்லி அரிசி, 2 கிலோ உருட்டு உளுந்து, 80 கிராம் வெந்தயம். எங்கள் ஊர் வெக்கையில் இரவு பத்து மணிக்குக் கரைத்து வைத்த மாவு விடிகாலையில் பொங்கி நிற்கும். ஏர்கான் சமையலறையில் 22 டிகிரி என்றால் அதே மாவு காலை ஆறு மணிக்கும் கல் போல் கிடக்கும். மாவு புளிக்கவில்லையே என்று சோடா போடுவது தவறு. தோசை சிவக்கும், ஆனால் வாயில் சோப்பு வாடை நிற்கும். பேக்கரிப் பிரிவின் புரூஃபரில் 30 டிகிரியில் இடம் கேட்டு வாங்குவேன். ரொட்டி வேலை நடு இரவில் தொடங்குவதால், பேக்கரி செஃபிடம் முன்கூட்டியே பேசி மாலை நேரத்தில் வைத்து எடுத்துவிட வேண்டும். கப்பலின் குடிநீரில் குளோரின் எப்போதும் இருக்கும். அது தூக்கலாக இருக்கும் நாளில் புளிப்பு பின்தங்கலாம். அதனால் முந்தைய நாள் மாவில் ஒரு கிலோவைத் தாய் மாவாகச் சேர்ப்பேன். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்ற மாட்டேன். மாவு இரட்டிப்பாகும், கப்பலும் ஆடும். பிஎச் மீட்டரில் 4.6-க்குக் கீழே இறங்கியதும் குறித்துக்கொண்டு, 5 டிகிரி சில்லருக்கு மாற்றிவிடலாம். கண்ணால் பார்த்துப் புளிப்பைச் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் சுகாதார ஆய்வாளர் கேட்பது பதிவேட்டை.

கப்பலில் கேஸ் அடுப்பு இருக்காது, எல்லாம் மின்சாரம். மின் தட்டில் தோசை வார்க்கும்போது இரண்டு தொல்லை வரும். 230 டிகிரிக்கு மேல் ஏறினால் கரண்டி சுழலுமுன் மாவு பிடித்துக்கொள்ளும், தோசை விரியாது. விடாமல் ஊற்றினால் தட்டு குளிர்ந்து தோசை வெளுக்கும். 200 முதல் 210-க்குள் நிறுத்தி, இரண்டு தட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் வரிசை நிற்காமல் நகரும்.

அடுத்தது அளவு பெருகும்போது வரும் சிக்கல். 300 பேருக்கு 45 லிட்டர் சாம்பார் என்றால் 4 கிலோ துவரம் பருப்பு, 600 கிராம் புளி. பத்துப் பேருக்கான குறிப்பை முப்பதால் பெருக்கினால் உப்பும் மிளகாயும் சரியாக நிற்காது, ஏனென்றால் பெரிய கெட்டிலில் நீர் அந்த அளவுக்கு வற்றாது. உப்பை முதலில் 350 கிராம் போட்டு, கடைசியில் ருசி பார்த்து ஏற்றுவேன். வெங்காயத்திலும் இதே கதைதான். சாய்க்கும் சட்டியில் 10 கிலோவை ஒரே முறையில் கொட்டினால் நீர் விட்டு வெந்துபோகும், பொன்னிறம் வராது. மூன்று பங்காக வதக்க வேண்டும். வருவலுக்கும் குருமாவுக்கும் வாசனை அங்கிருந்துதான் வருகிறது, அதில் அவசரப்பட நான் உடன்பட மாட்டேன். சந்தான் சேர்த்த குழம்பைக் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். கடைசியில் ஊற்றி, 85 டிகிரியிலேயே நிறுத்த வேண்டும். இங்கே இன்னொன்றும் உண்டு. மலேசியப் பயணி சந்தான் சேர்த்த கெட்டி மீன் குழம்பை எதிர்பார்ப்பார். சென்னையிலிருந்து வரும் பயணிக்குப் புளி தூக்கலான, தேங்காய்ப் பால் இல்லாத குழம்புதான் மீன் குழம்பு. ஒன்றைச் செய்து இரண்டு பேரையும் திருப்திப்படுத்த முடியாது. இரண்டு நாளுக்கு ஒன்றாக மாற்றிப் போட்டு, பெயர்ப் பலகையில் தெளிவாக எழுதலாம்.

மீந்ததைக் குளிர்விப்பதில்தான் ஹோட்டல் சமையல்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள். 45 லிட்டர் பானையை அப்படியே சில்லரில் தள்ளினால் வெளிப்புறம் குளிர்ந்திருக்கும், நடுவில் விடியும் வரை வெதுவெதுப்பாகக் கிடக்கும். பருப்பும் இறைச்சியும் கெடுவதற்கு அந்தச் சூடே போதும். சோற்றிலும் பாசிலஸ் கிருமி அப்படித்தான் பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆழமற்ற தட்டுகளில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, மூடாமல் பிளாஸ்ட் சில்லரில் வைக்க வேண்டும். 57 டிகிரியிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கப்பல் சுகாதாரத் திட்டத்தின் விதி. ஒன்றரை மணி நேரத்தில் பார்க்கும்போது 21-க்கு வராது என்று தெரிந்தால், உடனே 74-க்குச் சூடாக்கி, இன்னும் சின்னத் தட்டுகளில் பிரித்து மறுபடி தொடங்கலாம். நேரம் தாண்டிவிட்டால் கொட்டிவிடுவதே வழி. விலையைப் பார்த்து அதைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது. அந்தத் திட்டத்தின் ஆய்வில் 100-க்கு 86 எடுத்தால்தான் தேர்ச்சி, 85 எடுத்தாலும் தோல்வி. ஆய்வாளர் சொல்லிவிட்டு வருவதில்லை. எங்கள் ஹோட்டலில் என் பிரிவின் சூட்டுப் பதிவேட்டை இதே அளவுகளில்தான் எழுதி வருகிறேன். அதன் சில பக்கங்களின் நகல் இணைப்பில் உள்ளது.

ஒவ்வாமை விஷயத்தில் நம் சமையலில் ஒளிந்திருக்கும் பொருள்கள் நிறைய. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பாரில் கோதுமையே இல்லை என்று நம்பிச் சொல்லும் சமையல்காரர் அங்கேதான் மாட்டிக்கொள்வார். அரிசி மாவு கலந்த பெருங்காயத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். குருமாவில் முந்திரி, தாளிப்பில் கடுகு, மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய், சம்பலில் பெலாச்சான் என்றால் இறால். கடுகும் எள்ளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் உள்ளவை. சமண உணவுக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கூடாது என்பதால் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி எண்ணெய். சைவப் பொரியல் வெந்த எண்ணெயும் மீன் வெந்த எண்ணெயும் ஒன்றாக இருக்கவே கூடாது. அது ருசிக்காக அல்ல, வாக்குறுதிக்காக.

சரக்குக் கேட்பு பற்றி ஒரு வார்த்தை. கறிவேப்பிலை ஈரத்தோடு பெட்டியில் கிடந்தால் ஒரு வாரத்தில் கறுத்துவிடும். துடைத்து, காகிதத்தில் சுற்றிச் சில்லரில் வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும், மீதியை ஃபிரீசரில் போட்டுத் தாளிப்புக்கு மட்டும் எடுக்கலாம். தேங்காய்த் துருவல் உறைந்ததே நடைமுறை. அதைச் சில்லரில் வைத்து இளக்க வேண்டும், மேசையில் அல்ல. சட்னியைச் சிறிது சிறிதாக அரைத்து, வெளியே வைத்த நேரம் குறித்து, 4 மணி நேரத்தில் அகற்றிவிடுவேன்.

நெருப்பு விஷயத்தில் சமரசம் கிடையாது. கடல் கொந்தளிக்கும் என்று அறிவிப்பு வந்தால் வடைச் சட்டியை அணைத்து மூடிவிட வேண்டும், கெட்டிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அதற்கென்று உள்ள ஈர ரசாயன அணைப்பானைத்தான் எடுக்க வேண்டும். அதே போல் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் மறைக்காமல் மருத்துவ அறைக்குச் சொல்லி, அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம் உணவைத் தொடாமல் இருக்க வேண்டும். என் கீழ் வேலை செய்பவர் அப்படி ஒதுங்கினால் அவர் பங்கை நான் எடுத்துக்கொள்வேன். பயந்து மறைப்பவர் ஒருவரால் கப்பல் முழுக்க நோய் பரவும்.

தங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஓய்வு 24 மணி நேரத்தில் 10 மணி நேரத்துக்கும், 7 நாளில் 77 மணி நேரத்துக்கும் குறையக் கூடாது என்று கடல் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. காலைத் தோசைக்கும் இரவு விருந்துக்கும் ஒரே ஆள் என்றால் ஓய்வு இரண்டு துண்டாகத்தான் அமையும், அதில் ஒன்று தொடர்ந்து 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். இப்பிரிவுக்கு எத்தனை கமிஸ், ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று தெரிவித்தால், பணி அட்டவணையை நானே வரைந்து நேர்காணலுக்குக் கொண்டுவருகிறேன்.

செய்முறைத் தேர்வு வைப்பதாக இருந்தால், முந்தைய மாலையே மாவு அரைக்க அனுமதி வேண்டுகிறேன். தோசை, சாம்பார், தேங்காய்ச் சட்னி, சந்தான் இல்லாத மீன் குழம்பு, பெருங்காயமும் முந்திரியும் சேராத ஒரு சைவக் குருமா ஆகியவற்றைச் செய்து காட்டுவேன். இப்போதைய வேலையில் ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். கடலோடி மருத்துவப் பரிசோதனைக்குத் தாங்கள் குறிக்கும் எந்த நாளிலும் வரலாம். கடவுச்சீட்டு செல்லுபடியாகும் நிலையில் உள்ளது.

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. குணசேகரன்

இணைப்பு: விண்ணப்பப் படிவம், திறன் சான்றிதழ் நகல், உணவு கையாளுவோர் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், சூட்டுப் பதிவேட்டுப் பக்கங்கள், பணி உறுதிக் கடிதம்.