ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல்: பருவத் தொடக்கக் குறையறி தேர்வு

வகுப்பு: 9 அ, 9 ஆ பிரிவுகள்
நாள்: ஜூன் இரண்டாம் வாரம், புதன்கிழமை, மூன்றாம் பாடவேளை
நேரம்: 45 நிமிடம்
மதிப்பெண்: கிடையாது

தொடங்கும் முன் வகுப்பில் வாசிக்க வேண்டியது

இது பரீட்சை இல்லை. ரேங்க் போட மாட்டோம், வீட்டுக்கும் சொல்ல மாட்டோம். நீங்கள் மூன்று வேறு நடுநிலைப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். யாருக்கு எது நன்றாகத் தெரியும், எதை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தால்தான் பாடத்தை ஒழுங்காக நடத்த முடியும்.

விடைத்தாளின் மேலே பெயரையும் எட்டாம் வகுப்பு படித்த பள்ளியையும் எழுதுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போடுங்கள்: உறுதியாகத் தெரிந்தால் 'உ', சந்தேகமாக இருந்தால் 'ச'. சுத்தமாகத் தெரியாவிட்டால் 'தெரியாது' என்றே எழுதலாம், அதுவும் ஒரு விடைதான். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினால் நஷ்டம் உங்களுக்குத்தான்: தெரிந்ததாக நினைத்து அந்தப் பகுதியை நாங்கள் விட்டுவிடுவோம்.

வினாக்கள்

முதலில் இந்தப் பத்தியைப் படியுங்கள்.

1863ஆம் ஆண்டு, சென்னைக்கு அருகே பல்லாவரத்தில், ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பார்வைக்குச் சாதாரணக் கல். ஆனால் அதன் விளிம்பு தானாக உடைந்தது போல இல்லை, யாரோ செதுக்கியது போல இருந்தது. எழுத்து தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பகுதியில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தக் கல் சான்றானது.

1. அது மனிதர் செய்த கருவி என்று எதை வைத்துச் சொல்லலாம்? ஒரே வரியில் எழுதுங்கள்.

2. பத்தியில் வரும் ஆண்டு எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது?
அ) 18 ஆ) 19 இ) 20

3. ஓர் அகழாய்வில் மூன்று பொருள்கள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். கல்மணி கி.மு. 300, பானை ஓடு கி.மு. 500, நாணயம் கி.பி. 100. மிகப் பழையதிலிருந்து வரிசைப்படுத்துங்கள்.
அ) பானை ஓடு, கல்மணி, நாணயம்
ஆ) நாணயம், கல்மணி, பானை ஓடு
இ) கல்மணி, பானை ஓடு, நாணயம்

4. 'ஆதிமனிதர்கள் டைனோசர்களை வேட்டையாடினார்கள்.' சரியா, தவறா? ஏன்?

5. எது முதலில், எது பிறகு? முதலாம் இராஜராஜ சோழன், அசோகர், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, சிந்துவெளி நகரங்கள்.

6. சென்னை ஏறக்குறைய 13° வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இதன் பொருள் என்ன?
அ) கன்னியாகுமரிக்கு வடக்கே 13° தள்ளி இருக்கிறது
ஆ) நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13° தள்ளி இருக்கிறது
இ) சென்னையின் சராசரி வெப்பநிலை 13°

7. ஒரு வரைபடத்தில் 1 செ.மீ. என்பது 50 கி.மீ. இரண்டு ஊர்களுக்கு இடையே அளவுகோல் 4 செ.மீ. காட்டினால், உண்மையான தூரம் எவ்வளவு?

8. தமிழ்நாட்டில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்துவதற்கு முக்கியக் காரணம் எது?
அ) அப்போது புவி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது
ஆ) அப்போது சூரியக் கதிர்கள் நம் மீது ஏறக்குறைய செங்குத்தாக விழுகின்றன
இ) அப்போது சூரியன் அதிக வெப்பத்தை வெளியிடுகிறது

9. புவியைப் பாதியாக வெட்டினால் உள்ளே எப்படி இருக்கும்? வட்டம் வரைந்து, தெரிந்த பெயர்களைக் குறியுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

10. கடலிலிருந்து தள்ளி இருக்கும் அரியலூர்ப் பகுதியின் பாறைகளில், கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இதிலிருந்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

11. அட்டவணையைப் பாருங்கள். ஊரும் எண்களும் கற்பனை.

| மாதம் | மழை (மி.மீ.) |
|---|---|
| ஜூலை | 60 |
| ஆகஸ்ட் | 90 |
| அக்டோபர் | 180 |
| நவம்பர் | 210 |

இந்த ஊருக்கு எந்தப் பருவக்காற்று அதிக மழை தருகிறது? எண்களைக் காட்டிச் சொல்லுங்கள்.

12. தெருவிளக்கு எரியவில்லை, வீட்டில் திருட்டுப் போய்விட்டது, பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். இந்த மூன்றும் ஊராட்சி, மாநில அரசு, ஒன்றிய அரசு இவற்றில் எதனெதன் பொறுப்பு?

13. தமிழ்நாட்டின் முதலமைச்சர் எப்படிப் பதவிக்கு வருகிறார்?
அ) மக்கள் அவருக்கென்று தனியாக வாக்களிக்கிறார்கள்
ஆ) சட்டமன்றத்தில் பெரும்பான்மை ஆதரவு உள்ளவரை ஆளுநர் நியமிக்கிறார்
இ) பிரதமர் நியமிக்கிறார்

14. பன்னிரண்டு வயதுச் சிறுவன் பள்ளிக்கு வராமல் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். 'வீட்டில் கஷ்டம், அவன் விருப்பத்தோடுதான் வருகிறான்' என்கிறார் முதலாளி. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

15. உங்கள் அம்மா வங்கிக் கணக்கில் 5,000 ரூபாய் போடுகிறார். அந்தப் பணத்தை வங்கி என்ன செய்யும்?
அ) அவர் பெயரில் தனியாகப் பூட்டி வைக்கும்
ஆ) அதில் பெரும்பகுதியைக் கடன் கொடுப்பது போன்றவற்றுக்குப் பயன்படுத்தும்
இ) அரசிடம் கொடுத்துவிடும்

ஆசிரியருக்கு மட்டும்: விடைகளைப் படிக்கும் முறை

எத்தனை சரி என்று எண்ண வேண்டாம். எந்தத் தவறு, எத்தனை பேரிடம் என்று பாருங்கள். 'ச' போட்ட தவறு பெரிய விஷயமில்லை, பாடம் நடத்தும்போது தானாகச் சரியாகும். 'உ' போட்ட தவறுதான் கவனிக்க வேண்டியது. தப்பாகத் தெரிந்ததை உறுதியாக நம்பும் பிள்ளை புதிய பாடத்தையும் அந்த நம்பிக்கையின் மேல்தான் அடுக்கும்.

வினா 1 சமூக அறிவியலே இல்லை, வாசிப்பு. விடை பத்தியிலேயே இருக்கிறது: விளிம்பு செதுக்கப்பட்டது போல இருந்தது. இதற்குப் பதில் எழுத முடியாத பிள்ளையின் மற்ற விடைகளை அப்படியே நம்பக் கூடாது. வியாழக்கிழமை தனியாக உட்கார வைத்து 3, 6, 13 மூன்றையும் வாய்மொழியாகக் கேளுங்கள். கேட்டால் சொல்லிவிடுகிற பிள்ளைக்குத் தேவை வாசிப்புப் பயிற்சி. அந்தப் பிள்ளையை 'சமூக அறிவியலில் வீக்' என்று பட்டியலில் சேர்த்தால் பருவம் முழுக்க வேறு நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

வினா 2க்கு விடை 19. 18 என்று எழுதுகிறவர்கள் முதல் இரண்டு இலக்கத்தை அப்படியே எடுக்கிறார்கள். முதல் நூற்றாண்டு 1 முதல் 100 வரை என்று பலகையில் கோடு போட்டுக் காட்டினால் போதும்.

இந்தத் தாளிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது வினா 3. சரியான விடை அ. 'ஆ' தேர்ந்தெடுத்தவருக்குக் கி.மு., கி.பி. என்ற எழுத்துகளே கண்ணில் படவில்லை, வெறும் எண்களாகப் பார்க்கிறார். 'இ' தேர்ந்தெடுத்தவர் பாதி தூரம் வந்துவிட்டார்: கி.மு. முந்தையது என்று தெரிகிறது, ஆனால் கி.மு.வில் பெரிய எண்தான் பழையது என்பது தெரியவில்லை. இரண்டு பேருக்கும் வேறு வேறு பாடம் தேவை. முதலாமவருக்குக் காலக்கோட்டையே அறிமுகப்படுத்த வேண்டும். இரண்டாமவருக்குக் கணக்கு ஆசிரியர் எதிர்ம எண்களுக்கு வரையும் எண்கோட்டை நினைவூட்டினால் பிடித்துக்கொள்வார், ஆனால் வருடக் கணக்கில் பூஜ்யம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இது சரியாகாமல் பண்டைய நாகரிகங்களுக்குள் போனால் ஆண்டுகளை மனப்பாடம்தான் செய்வார்கள்.

வினா 4 தவறு. டைனோசர்கள் ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன, மனித இனம் தோன்றியது அதற்கு வெகுகாலம் கழித்து. கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இங்கே நிறைய 'உ' வரும், சிரிக்காதீர்கள்.

வினா 5: சிந்துவெளி, அசோகர், இராஜராஜன், கம்பெனி. அசோகரும் இராஜராஜனும் மட்டும் இடம் மாறியிருந்தால் அரசர்களைப் பெயராக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். இருவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு.

வினா 6க்கு விடை ஆ. வினா 7க்கு 200 கி.மீ. இதில் தவறினால் பெருக்கல் தவறா, அளவை புரியவில்லையா என்று தாளின் ஓரத்தில் போட்ட கணக்கைப் பாருங்கள்.

வினா 8க்கு விடை ஆ. பெரியவர்களிலும் பலர் 'அ' என்பார்கள். புவி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், நாம் மார்கழிக் குளிரில் இருக்கும்போது. அதை மட்டும் சொல்லிவிட்டு, காரணத்தை வகுப்பே விவாதிக்கட்டும்.

வினா 9இல் மேலோடு, கவசம், கருவம் மூன்றும் இருந்தால் நல்லது. பெயர் இல்லாமல் அடுக்குகள் மட்டும் வரைந்திருந்தாலும் கருத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வினா 10க்கு 'அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது' என்ற ஊகமே போதும்.

வினா 11 இரண்டு திறன்களைச் சோதிக்கிறது, சேர்த்துத் திருத்த வேண்டாம். அக்டோபரும் நவம்பரும் சேர்ந்து 390, ஜூலையும் ஆகஸ்டும் 150 என்று காட்டினால் அட்டவணை படிக்கத் தெரியும். வடகிழக்குப் பருவக்காற்று என்று எழுதினால் காலநிலை தெரியும். கூட்டலைச் சரியாகப் போட்டுவிட்டுத் தென்மேற்கு என்று எழுதும் பிள்ளைக்குப் பெயர்தான் குழப்பம், ஐந்து நிமிட வேலை.

வினா 12: ஊராட்சி, மாநில அரசு, ஒன்றிய அரசு. வினா 13: ஆ. தேர்தல் சுவரொட்டியில் முதலமைச்சர் வேட்பாளரின் முகத்தையே பார்க்கிற பிள்ளைகள் 'அ' எழுதுவதில் வியப்பில்லை. நாம் வாக்களிப்பது 234 தொகுதிகளில் நம் தொகுதியின் உறுப்பினருக்கு என்பதிலிருந்து தொடங்குங்கள். மக்களாட்சிப் பாடத்துக்கு அதுதான் வாசல்.

வினா 14இல் 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி அடிப்படை உரிமை என்பது வந்தால் சரி. 'பாவம், வேலை செய்யட்டும்' என்ற விடையைத் தவறு என்று சிவப்பு மையில் கிழிக்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே அந்த நிலை இருக்கலாம். வகுப்பில் யார் எழுதியது என்று சொல்லாமல், மனித உரிமைப் பாடம் வரும்போது எடுத்துப் பேசலாம்.

வினா 15: ஆ.

அடுத்த வாரம்

இரண்டு பிரிவிலும் சேர்த்து 71 பேர். ஒரே தவறு ஒரு பிரிவில் பத்துப் பேருக்கு மேல் வந்தால் வகுப்பு முழுவதற்கும் ஒரு பாடவேளை ஒதுக்குகிறோம். அதற்குக் குறைவென்றால் மதிய இடைவேளைக்குப் பின் வரும் வாசிப்பு நேரத்தில் சிறு குழுவாக. எல்லா ஓட்டையையும் ஜூனிலேயே அடைக்க நினைத்தால் பாடம் ஆகஸ்டில்தான் தொடங்கும், அதனால் 3, 11, 13 மட்டும் இப்போது. மற்றவை அந்தந்தப் பாடத்தின் முதல் நாளில்.

விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அலமாரியில் இருக்கட்டும். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த மூன்று வினாவையும் எண்ணையும் பெயரையும் மாற்றிக் கேட்போம்: பானை ஓடு கி.மு. 200, கல்மணி கி.மு. 600, நாணயம் கி.பி. 50. மழை அட்டவணைக்குப் பதில் தென்மேற்குப் பருவக்காற்றில் நனையும் ஒரு கேரள ஊர். முதலமைச்சருக்குப் பதில் பிரதமர்.