பெயரும் தோற்றமும் ஒத்த மருந்துகளுக்கான தட்டு லேபல் திட்டம்

பிரதேச வைத்தியசாலை மருந்தகம், வன்னி
நடைமுறைக்கு வரும் நாள்: 2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை
பொறுப்பு: பொறுப்பு மருந்தாளர், அவர் விடுப்பில் இருந்தால் கடமையிலுள்ள மருந்துக் கலவையாளர்

வெளிநோயாளர் மருந்தகத்தின் மூன்று இறாக்கைகள், உள்களஞ்சியம், மருந்துக் குளிர்சாதனப் பெட்டி, இரண்டு விடுதிகளினதும் பிரசவ அறையினதும் மருந்து அலுமாரிகள் ஆகிய அனைத்துக்கும் இத்திட்டம் பொருந்தும். மருந்தகத்தில் உள்ள 184 வகை மருந்துகளில் 31 வகை மட்டுமே ஒத்த மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் தேவையின்றி நீளக்கூடாது. எல்லாத் தட்டிலும் மஞ்சள் லேபல் தொங்கினால் ஒரு வாரத்தில் யாருடைய கண்ணும் அதைப் பார்க்காது.

இடைவெளி முதலில், லேபல் பிறகு

ஆங்கில அகரவரிசைப்படி அடுக்குவது தேடுவதற்கு நல்லது. ஆனால் அதே வரிசைதான் கார்பமசெபினையும் கார்பிமசோலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. முதல் நான்கு எழுத்தும் ஒன்று. இரண்டும் வெள்ளைக் குளிசை, இரண்டும் ஒரே அளவு வெள்ளைப் போத்தல். கிளினிக் நாளில் நூறு துண்டு வரிசையில் கிடக்கும்போது கை போவது இடத்தை நம்பித்தான், எழுத்தை வாசித்து அல்ல. வலிப்பு நோயாளிக்குத் தைரொயிட் குளிசை போனால் நின்றிருந்த வலிப்பு திரும்பும். அத்தோடு கார்பிமசோல் வெள்ளைக் குருதிக் கலங்களையும் குறைக்கக்கூடியது.

ஆகவே ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தன் அகரவரிசை இடத்தில் இருக்கும். மற்றது எதிர்ச் சுவரிலுள்ள 3ஆம் இறாக்கையின் 2ஆம், 3ஆம் தட்டுகளுக்குப் போகும். அன்றாடம் அதிகம் ஓடுவது கைக்கெட்டிய இடத்தில் நிற்கும், குறைவாக ஓடுவது இடம் மாறும். கலவையாளர் ஐந்து அடி நடந்து போய் எடுக்க வேண்டியிருப்பது குறையல்ல, அந்த நடையில்தான் துண்டை இன்னொரு தடவை பார்க்கிறார்.

| இடத்தில் நிற்பது | 3ஆம் இறாக்கைக்குப் போவது | மாறினால் |
|---|---|---|
| கார்பமசெபின் 200 மி.கி. | கார்பிமசோல் 5 மி.கி. | வலிப்பு திரும்பும் |
| மெட்போமின் 500 மி.கி. | மெட்ரோனிடசோல் 200 மி.கி. | சீனி ஏறும். தொற்று நோயாளிக்கு மருந்தே இல்லை |
| அம்லோடிபின் 5 மி.கி. | அமிட்ரிப்டிலின் 25 மி.கி. | முதியவருக்கு மயக்கம், விழுகை |
| குளோபெனிரமின் 4 மி.கி. | குளோப்ரோமசின் 100 மி.கி. | தடிமனுக்கு வந்தவருக்குக் கடும் உறக்கம், அழுத்த வீழ்ச்சி |
| கிளிக்கிளசைட் 80 மி.கி. | கிளிபென்கிளமைட் 5 மி.கி. | வேளைக்கான அளவு பிழைத்து நீண்ட நேரச் சீனிக்குறைவு |
| ஹைட்ரோகுளோரோதையசைட் 25 மி.கி. | ஹைட்ரலசின் 25 மி.கி. | எண்ணும் ஒன்றே என்பதால் எண்ணைப் பார்த்தும் பிடிபடாது |

இடம் மாற்றிய மருந்தின் பழைய இடத்தை வெறுமையாக விடவே கூடாது. வெறும் இடம் கிடந்தால் இரண்டு நாளில் வேறு போத்தல் ஏறிவிடும், அல்லது யாரோ நல்லெண்ணத்தில் பழையதையே கொண்டுவந்து வைத்துவிடுவார். அந்த இடத்தில் அரைத் தட்டு அகலத்தில் ஒரு அட்டையை நிறுத்தி, "கார்பிமசோல் இங்கு இல்லை, இறாக்கை 3, தட்டு 2" என்று எழுத வேண்டும். விடுதியிலிருந்து திரும்பி வரும் மருந்தை எவரும் நேரே தட்டில் வைக்கக்கூடாது. திரும்பியவை மேசையிலுள்ள சிவப்புக் கூடைக்குள் போகும். பொறுப்பு மருந்தாளரோ கலவையாளரோ மாலையில் ஒவ்வொன்றாக வாசித்து இடத்துக்கு ஏற்றுவார்.

லேபலின் அமைப்பு

துண்டும் போத்தலும் ஆங்கிலத்தில் வருவதால் லேபலிலும் மருந்துப் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் மட்டும் எழுதுவது இங்கு ஆபத்தைக் கூட்டும். நம் எழுத்தில் ஆங்கில P, B ஆகிய இரண்டு ஒலிக்கும் பகரம் என்ற ஒரே எழுத்து. ககரமும் டகரமும் அப்படியே. கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட், கிளிபிசைட் என்று மூன்றையும் தமிழில் எழுதி அடுக்கினால் தலையும் வாலும் ஒன்றாகிவிடும். தொலைபேசியில் விடுதி கேட்கும்போதும் இதே சிக்கல்தான். எனவே தொலைபேசியில் ஒத்த மருந்துக்கான கோரிக்கை வந்தால் பெயரோடு பயனையும் கேட்டு, எழுத்துக்கூட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும்.

வேறுபடும் எழுத்துகளைப் பெரிதாக்கும் முறையைப் பின்பற்றுகிறோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001இல் தொடக்கி வைத்த முறை இது. ஒத்த பெயர்ப் பிழையை உலக சுகாதார அமைப்பு 2007இல் வெளியிட்ட நோயாளர் பாதுகாப்புத் தீர்வுகளில் முதலாவதாக வைத்தது. நம் லேபல்களில் தட்டச்சு செய்ய வேண்டிய வடிவம் இது:

```
carBAMazepine      carBIMazole
metFORMIN          metroNIDAZOLE
amLODIPine         amiTRIPTYline
chlorproMAZINE     chlorphenIRAMINE
gliCLAZide         gliBENCLAMide
hydrALAZINE        hydroCHLOROTHIAZIDE
```

பெரிய எழுத்து மட்டும் காப்பாற்றும் என்று நம்பக்கூடாது; இடைவெளி இல்லாமல் எழுத்தைப் பெரிதாக்குவதால் கிடைப்பது கொஞ்சமே. பெயருக்குக் கீழே பலமும், அதற்கும் கீழே தமிழில் பயன்பாடும் வரும்: "வலிப்பு", "தைரொயிட்", "சீனி நோய்", "தொற்று". நிரப்பும் சிற்றூழியருக்கும் அடுத்த கவுண்டரில் நிற்பவருக்கும் அந்த ஒரு தமிழ்ச் சொல்தான் கடைசிக் காவல்.

அளவு 10 சென்ரிமீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் உயரம். பெயர் 28 புள்ளி, பலம் 24 புள்ளி, பயன் 18 புள்ளி, மூலையில் சிறிதாக எஸ்.ஆர். இலக்கம். தடித்த எழுத்து பெயருக்கும் பலத்துக்கும் மட்டும். பலம் எழுதும்போது 0.25 மி.கி. என்று முன்னே சுழியம் போடுக, 5.0 என்று பின்னே சுழியம் போடாதீர்கள், புள்ளி அழிந்தால் ஐம்பதாகிவிடும். தைரொக்சினில் "மைக்ரோகிராம்" என முழுச் சொல்லாக எழுதுக. இன்சுலினில் "யூனிற்" என்று முழுதாகவே. ஒற்றை ஆங்கில எழுத்து சுழியமாக வாசிக்கப்படும்.

நிறம் இரண்டே. மஞ்சள்: ஒத்த பெயர் அல்லது தோற்றம். சிவப்பு: பிழைத்தால் உயிருக்கு ஆபத்து. நிறத்தைப் பிரித்தறிய முடியாதவரும் பயன்படுத்த மஞ்சளில் வலப்பக்கம் முக்கோணமும் சிவப்பில் கறுப்புக் கரையும் இருக்கும். வேறு நிறம் யார் கேட்டாலும் சேர்க்கப்படமாட்டாது.

பளபளப்பான லாமினேற் வேண்டாம். ரியூப்லைற் வெளிச்சம் அதில் தெறித்து, சரியாக முகத்துக்கு நேரே உள்ள எழுத்தை மறைக்கும். மங்கல் லாமினேற்றே வேண்டும். வெறும் செலோரேப் இந்த வெக்கைக்கு ஒரு மாதமும் நிற்காது. பசை உருகி லேபல் வழுகிப் பக்கத்து மருந்தின் கீழே போய் நிற்கும். விழுந்த லேபலைவிட அது மோசம். இரும்புத் தட்டின் முன்விளிம்பில் பிளாஸ்ரிக் தண்டவாளம் பொருத்தி அதற்குள் லேபலைச் செருக வேண்டும். மூன்று இறாக்கைக்கும் 18 மீற்றர் தண்டவாளம் போதும். மாரி தொடங்குமுன், ஒக்ரோபர் முதல் வாரத்தில், ஈரம் புகுந்த லேபல்களை மாற்றுக. யன்னலோரத் தட்டில் இங்க்ஜெட் மை வெளிறும்; அந்த லேபல்களை லேசர் அச்சில் எடுப்பதே நல்லது.

லேபல் எப்போதும் தான் குறிக்கும் மருந்துக்குக் கீழே, மேல்நோக்கிய அம்புக்குறியோடு இருக்கும். அம்பு இல்லாத லேபல் மேல் தட்டுக்கா கீழ்த் தட்டுக்கா என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது.

போத்தலும் மூடியும்

தட்டு சரியாக இருந்தும் போத்தலுக்குள் பிழைத்தால் எல்லாம் வீண். ஆயிரம் குளிசைப் போத்தலில் லேபல் உடலில் ஒட்டப்பட வேண்டும், மூடியில் ஒருபோதும் வேண்டாம். எண்ணும் மேசையில் இரண்டு போத்தல் ஒரே நேரம் திறந்து கிடந்தால் மூடி மாறுவது மிக எளிது. அகப்பை போட்டு அள்ளுபவர் மூடியைத்தான் பார்க்கிறார். ஒரு நேரம் ஒரு போத்தல்தான் மேசையில் இருக்க வேண்டும். பழைய போத்தலில் மிச்சம் இருக்கும்போது மேலே புதுத் தொகுதியைக் கொட்டக்கூடாது. மிச்சத்தை முடித்து, போத்தலைத் துடைத்து, தொகுதி எண்ணும் காலாவதித் திகதியும் புதிதாக எழுதிய பிறகே நிரப்புக.

சிவப்புப் பட்டியல்

பொற்றாசியம் குளோரைட் 10 மில்லிலீற்றர் அம்பியூல்கள் மருந்தகப் பூட்டு அலுமாரியில் மட்டும் இருக்கும். ஊசிக்கான நீர் அம்பியூலும் அதே அளவு, அதே தெளிவு. விடுதியில் கைக்குக் கிடைத்தால் மருந்து கரைக்க இதை எடுத்துவிட முடியும். ஐதாக்காமல் நாளத்தில் ஏற்றினால் இதயம் நிற்கும். விடுதி அலுமாரிகளில் ஒன்றுகூட மீதி வைக்க வேண்டாம். வைத்தியர் எழுதினால் ஐதாக்கும் அறிவுறுத்தலோடு தேவையான எண்ணிக்கை மட்டும் போகும்.

மெத்தோட்ரெக்செற் 2.5 மி.கி. மஞ்சள் குளிசை, போலிக் அமிலமும் மஞ்சள். ஒரே நோயாளிக்கு இரண்டும் ஒன்றாக எழுதப்படுவதால் உறை மாற வாய்ப்பு இரட்டிப்பு. மெத்தோட்ரெக்செற் பூட்டு அலுமாரியில். லேபலிலும் நோயாளி உறையிலும் "வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்" என்று தமிழில், நாளின் பெயரோடு. நாள்தோறும் போட்டால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிர் போகலாம்.

பிரசவ அறையில் எர்கோமெற்றினும் விற்றமின் கே-யும் ஒரே தட்டத்தில் இருக்கக்கூடாது. இரண்டும் சிறிய அம்பியூல், இரண்டும் பிறந்த அந்த நிமிடங்களில் தேவைப்படுபவை. தாய்க்குரிய மருந்து சிசுவுக்கு ஏறினால் வலிப்பும் மூச்சுத் தடையும் வரும். விற்றமின் கே குழந்தைத் தட்டத்தில், குழந்தை மேசைக்கு அருகில். எர்கோமெற்றின் குளிர்சாதனப் பெட்டியில் சிவப்பு லேபலோடு.

குளிர்சாதனப் பெட்டியில் இன்சுலின் இரண்டு கூடைகளில்: தெளிவான சொலுயுபிள் மேல் தட்டில், கலங்கலான 30/70 கலவை கீழ்த் தட்டில். வெப்பநிலை 2 முதல் 8 பாகை. கதவில் எதுவும் வைக்க வேண்டாம். திறந்து மூடுவதிலும் மின்தடையிலும் முதலில் சூடேறுவது கதவே.

கண் சொட்டும் காது சொட்டும் 3ஆம் இறாக்கையின் வெவ்வேறு தட்டில். லேபலில் கண், காது படம் வரைந்திருக்கும்.

புது வழங்கல் வந்த நாள்

பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்து லொறி வரும்போதெல்லாம் பட்டியல் பழையதாகிவிடுகிறது. ஒப்பந்தம் மாறினால் தயாரிப்பாளர் மாறுவார், நேற்று நீலமாக இருந்த போத்தல் இன்று வெள்ளையாக வரும். ஆகவே பெட்டி பிரித்ததும் தட்டில் ஏற்றுமுன் ஒவ்வொரு புது மருந்தையும் மேசையில் வைத்து, பட்டியலிலுள்ள சோடிகளோடும் அதே தட்டிலுள்ள மருந்துகளோடும் இரண்டு முழம் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். பெயரை வாசிக்காமல் வித்தியாசம் தெரியவில்லையென்றால் அன்றே மஞ்சள் லேபல், அன்றே இடமாற்றம். இரண்டு மருந்துகளின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து மருந்தக அறிவித்தல் பலகையில் ஒட்டி, கடமைக்கு வரும் ஒவ்வொருவரும் கையொப்பமிடுவர். தோற்றம் மீண்டும் மாறினால் லேபலையும் படத்தையும் அன்றே கழற்றுக.

கண்காணிப்பு

ஒவ்வொரு திங்கள் காலையும் கவுண்டர் திறக்குமுன் பத்து நிமிடம்: 31 லேபலும் இடத்தில் உள்ளனவா, எழுத்து தெரிகிறதா, அட்டை நின்ற இடங்களில் போத்தல் ஏறியுள்ளதா. பார்த்தவர் பதிவேட்டில் கையொப்பமிடுவார். நோயாளி கைக்குப் போகுமுன் பிடித்த பிழைகளும் அதே பதிவேட்டில் எழுதப்படும்: மருந்தின் பெயர், தட்டு, நேரம், வெளிச்சம், வரிசை நீளம். எழுதுபவர் பெயர் வேண்டாம், யாரையும் குற்றஞ்சாட்ட அந்தப் பக்கம் பயன்படாது. ஒரே சோடி மூன்று மாதத்தில் இரண்டு தடவை பதிவானால் அதில் ஒன்று வேறு இறாக்கைக்கு அல்ல, பூட்டு அலுமாரிக்குப் போகும்.

இடமாற்றம் பெற்றோ பதில் கடமைக்கோ வருபவர் எவ்வளவு அனுபவம் உள்ளவராயினும், முதல் துண்டைத் தொடுமுன் ஒரு தடவை இறாக்கைகளைச் சுற்றிக் காட்டப்படுவார். அவர் பழைய இடத்தில் கற்ற வரிசை கையில் இருக்கும். இங்கு அதே இடத்தில் வேறு மருந்து இருக்கும். காட்டியவரும் பார்த்தவரும் பதிவேட்டில் கையொப்பமிட்ட பிறகே சாவி கைமாறும்.

பிரதிகள்: மாவட்ட வைத்திய அதிகாரி, இரு விடுதிப் பொறுப்புத் தாதி உத்தியோகத்தர்கள், பிரசவ அறை, களஞ்சியக் கோப்பு.