ஒரகடம் சப்ளையர் குவாலிட்டி வேலை (SQE-0417): பரிந்துரைக்க முடியுமா? முடியாவிட்டாலும் சரி. ஜி.சி.டி. புரொடக்‌ஷன், 2021 பேட்ச்

வணக்கம் கவிதா அக்கா,

நான் நந்தினி. கோவை ஜி.சி.டி.யில் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங், 2021 பேட்ச். நீங்கள் அதே துறையில் 2012 பேட்ச் என்பதும் இப்போது ஒரகடத்தில் இருக்கிறீர்கள் என்பதும் துறையின் பழைய மாணவர் பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் மெயில் முகவரியும் அதில் இருந்ததுதான். நாம் இதுவரை பேசியதில்லை.

உங்கள் ஆலைக்கு சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் (காஸ்டிங், மெஷினிங்) வேலை வந்திருக்கிறது. எண் SQE-0417, கடைசி நாள் ஜூன் 24. அதற்கு ஊழியர் பரிந்துரையில் என் பெயரைப் போட முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முடியாது என்றால் "இல்லை" என்று ஒரு சொல் போதும், காரணம் வேண்டாம். பதிலே போடாவிட்டாலும் எனக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஜூன் 20 காலை நானே கேரியர் பக்கத்தில் நேரடியாக விண்ணப்பித்துவிடுவேன். அதுவரை விண்ணப்பிக்காமல் வைத்திருப்பதற்கு ஒரே காரணம், பல கம்பெனிகளின் போர்ட்டலில் ஒருவர் முதலில் தானாக விண்ணப்பித்துவிட்டால் பின்னால் வரும் பரிந்துரை கணக்கில் சேராது. நினைவூட்டல் மெயில் அனுப்ப மாட்டேன். பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். உங்கள் கம்பெனியில் வேறு யாரிடமும் நான் கேட்கவில்லை என்பதால் ஒரே பெயர் இரண்டு பேர் வழியாகப் போகும் சிக்கலும் வராது.

நேரில் பார்க்காத ஆளுக்குப் பெயர் போடுவதில்லை என்று நீங்கள் வைத்திருக்கலாம். ஆள் எடுப்பதே உங்கள் டீமாக இருக்கலாம். வேறொரு ஜூனியருக்கு ஏற்கெனவே போட்டிருக்கலாம். எதுவானாலும் எனக்குப் புரியும்.

முடிவெடுக்கும் முன் உங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு.

ஒன்று, நான் இப்போது வேலை செய்வது கோவையில் ஒரு அலுமினியம் டைகாஸ்டிங் கம்பெனியில். எங்களுக்கு உங்கள் கம்பெனியில் நேரடி சப்ளையர் கோடு இல்லை. ஆனால் எங்கள் காஸ்டிங் ஒரு பம்ப் கம்பெனிக்குப் போகிறது, அவர்கள் உங்களுக்கும் சப்ளை செய்கிறார்கள். சப்ளையரிடமிருந்து ஆள் எடுப்பதில் உங்களிடம் ஏதாவது விதி இருந்து, அது டயர்-2 வரை நீளும் என்றால், இந்த மெயிலை இத்தோடு விட்டுவிடுங்கள். உங்கள் பெயரில் போய் பிறகு எச்.ஆர். அதைக் கண்டுபிடித்தால் சங்கடம் உங்களுக்குத்தான்.

இரண்டு, நான் வேலை தேடுவது எங்கள் மேனேஜருக்குத் தெரியாது. கோவை, ஒரகடம் காஸ்டிங் வட்டம் சின்னது. அதனால் தெரிந்தவர்கள் மூலம் என்னைப் பற்றி விசாரிப்பதாக இருந்தால் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் வேலையைப் பார்த்தவர்கள் இரண்டு பேரின் எண்ணை நானே தருகிறேன்: பழைய சூப்பர்வைசர் ஒருவர், கஸ்டமர் பக்கத்தில் இருந்த குவாலிட்டி இன்ஜினியர் ஒருவர். இருவரிடமும் கேட்டுவிட்டேன், சம்மதித்திருக்கிறார்கள்.

பெயர் போடுவதாக இருந்தால், "விண்ணப்பதாரரை எப்படித் தெரியும்" என்ற கேள்விக்கு "ஒரே கல்லூரி, ஒரே துறை, சேர்ந்து வேலை செய்ததில்லை" என்றே எழுதுங்கள். என் திறமைக்கு நீங்கள் உத்தரவாதம் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ரெஸ்யூமே சரியான மேஜைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

முடிவெடுக்க இவ்வளவு போதும். கீழே இருப்பதை, பெயர் போடுவதாக இருந்தால் மட்டும் பாருங்கள்.

அன்புடன்,
நந்தினி

---

போர்ட்டலில் ஒட்டுவதற்கு (இதன் ஆங்கில வடிவம் இணைப்பில் தனி ஃபைலாக இருக்கிறது, மாற்ற விரும்பினால் மாற்றிக்கொள்ளுங்கள்):

"நந்தினி, பி.இ. புரொடக்‌ஷன், ஜி.சி.டி. கோவை, 2021. ஹை பிரஷர் டைகாஸ்டிங் மற்றும் மெஷினிங் சப்ளையரிடம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் குவாலிட்டி வேலை. லெவல் 3 பி.பி.ஏ.பி. ஃபைல்கள், எட்டு டி, எம்.எஸ்.ஏ., ஐ.ஏ.டி.எஃப். 16949 உள் தணிக்கை ஆகியவற்றில் அனுபவம். ஆயில் பம்ப் ஹவுசிங் ஒன்றில் லீக் டெஸ்ட் ரிஜெக்‌ஷனை 4.2 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாகக் குறைத்த டீமில் இருந்தவர். நோட்டீஸ் காலம் 60 நாள். ஒரகடத்துக்கு இடம் மாறவும், மாதத்தில் பாதி நாள் சப்ளையர் இடங்களுக்குப் பயணம் செய்யவும் தயார். நான் இவருடன் சேர்ந்து வேலை செய்ததில்லை. ஒரே துறையில் படித்தவர் என்ற அளவில் பரிந்துரைக்கிறேன்."

---

யாராவது "இந்தப் பெண் என்ன செய்திருக்கிறாள்" என்று கேட்டால் சொல்ல:

லீக் டெஸ்ட் வேலை. பார்ட் ஏ.டி.சி.12 அலுமினியம், 800 டன் மெஷினில் ஊற்றுவது. மெஷினிங் முடிந்த பிறகுதான் லீக் தெரியும் என்பதால் ஒவ்வொரு ரிஜெக்‌ஷனிலும் மெஷினிங் செலவும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுத்து, அறுத்துப் பார்த்ததில் ஓட்டைகள் இரண்டு வகையாக இருந்தன. உருண்டையாக, உள்சுவர் வழுவழுப்பாக இருந்தவை காற்று அடைபட்டதால் வந்தவை. தடிமனான பாஸுக்குள் கரடுமுரடாகக் கிழிந்த மாதிரி இருந்தவை உலோகம் சுருங்கியதால் வந்தவை. அதுவரை இரண்டையும் ஒன்றாக எண்ணி இன்டென்ஸிஃபிகேஷன் பிரஷரை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாஸ் உறைவதற்கு முன்பே கேட் உறைந்துவிட்டால் எவ்வளவு பிரஷர் கொடுத்தாலும் உள்ளே போய்ச் சேராது. பாஸில் ஜெட் கூலிங் பின் வைத்ததும் சுருக்கம் குறைந்தது. ஸ்லீவுக்குள் காற்றை மடித்துக்கொண்டு போகாதபடி ஸ்லோ ஷாட் வேகத்தைத் திருத்தி, ஷிஃப்டுக்கு ஒருமுறை வென்ட் சுத்தம் செய்ததும் மற்றது குறைந்தது. பிஸ்கட் தடிமன் ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் இருக்க லேடில் அளவையும் கன்ட்ரோல் பிளானில் சேர்த்தோம்.

இதில் கூலிங் பின் வடிவமைப்பு டூல்ரூமின் வேலை. டேட்டா, அறுத்துப் பார்ப்பது, ட்ரையல் திட்டம், கன்ட்ரோல் பிளான் ஆகியவை என்னுடையவை. இன்டர்வியூவில் இந்த எல்லையை விட்டுத் தாண்டிப் பேச மாட்டேன்.

அளவெடுப்பு வேலை. 50 மி.மீ. போர், மொத்த டாலரன்ஸ் 0.030 மி.மீ. கேஜ் ஆர் அண்ட் ஆர் 34 சதவீதம் வந்தது. 10க்குள் இருந்தால் நல்லது, 30ஐத் தாண்டினால் ஏற்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. கேஜை மாற்றச் சொல்லித்தான் முதலில் பேச்சு. உண்மையில் பார்ட் வாஷிங் மெஷினிலிருந்து சூடாக வந்துகொண்டிருந்தது. அலுமினியம் மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும். 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் இந்த போரில் 0.0115 மி.மீ., அதாவது டாலரன்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மாஸ்டர் ரிங்கையும் பார்ட்டையும் ஒரே மேஜையில் அரைமணி நேரம் வைத்துவிட்டு அளப்பது, கேஜைப் பிடிக்கும் கோணத்துக்கு ஒரு ஸ்டாப்பர் வைப்பது என்று இரண்டே மாற்றம். 8.6 சதவீதத்துக்கு வந்தது. புதுக் கேஜ் வாங்கவில்லை.

பி.பி.ஏ.பி. லெவல் 3 ஃபைல்கள் 11 முடித்திருக்கிறேன். பிராசஸ் ஃப்ளோ, பி.எஃப்.எம்.இ.ஏ., கன்ட்ரோல் பிளான் மூன்றிலும் ஆபரேஷன் எண் ஒன்றாக ஓடுகிறதா என்று அனுப்பும் முன் வரிவரியாகப் பார்க்க ஒரு பட்டியல் போட்டேன். ஃபைல் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

---

குறைகள், எச்.ஆர். கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்:

விளம்பரத்தில் வி.டி.ஏ. 6.3 தணிக்கையாளர் சான்று "இருந்தால் நல்லது" என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் இல்லை. தணிக்கை செய்யப்படும் பக்கத்தில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன், பி6 கேள்விகள் நன்றாகத் தெரியும். சப்ளையரை நிர்வகிப்பது பற்றிய பி5இல் அனுபவம் குறைவு. நான் நேரடியாகப் பார்த்துக்கொண்ட வெளி வேலை இடங்கள் நான்குதான்: மெஷினிங் இரண்டு, ஷாட் பிளாஸ்டிங் ஒன்று, இம்ப்ரெக்னேஷன் ஒன்று.

வாகன உற்பத்தியாளர் பக்கத்தில் வேலை செய்ததே இல்லை. நான்கு ஆண்டும் சப்ளையர் பக்கம். இந்த வேலைக்கு அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நீங்கள் உள்ளே இருந்து பார்ப்பது என் ஊகத்தைவிடச் சரியாக இருக்கும். "இதற்கு நீ இன்னும் இரண்டு வருஷம் கழித்து வா" என்று தோன்றினால், பெயர் போடாமல் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பினாலும் எடுத்துக்கொள்வேன்.

இணைப்பில் இரண்டே ஃபைல்: `Nandhini_SQE_Resume.pdf` (இரண்டு பக்கம், போன் எண் அதில் இருக்கிறது), `Nandhini_Referral_Note.docx` (மேலே உள்ள குறிப்பின் ஆங்கில வடிவம்). கஸ்டமர் பெயர், பார்ட் எண், டிராயிங் எதுவும் இரண்டிலும் இல்லை. ஆகவே உள்ளே யாருக்கு அனுப்பினாலும் எங்கள் கம்பெனியின் ரகசிய ஒப்பந்தத்தில் சிக்கல் வராது. வேலை விளம்பரத்தின் லிங்க் அடிக்கடி மாறுகிறது. கேரியர் பக்கத்தில் SQE-0417 என்று தேடினால் நேராக வந்துவிடும்.