மாணவர் மன்றத் தேர்தல் 2025–26: அறிவிப்பும் விதிகளும்

அரசு உயர்நிலைப் பள்ளி, பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்
நாள்: 07.07.2025

ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் மாணவ மாணவியருக்கும், அவர்களின் பெற்றோருக்கும்:

மேட்டூர்த் தண்ணீர் நம் பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் வரை வந்துவிட்டது. குறுவை நடவும் மும்முரமாக நடக்கிறது. பள்ளியிலும் ஆண்டு வேலைகளைத் தொடங்கும் நேரம் இது. முதல் வேலையாக மாணவர் மன்றத்துக்குத் தேர்தல் நடத்துகிறோம்.

போன ஆண்டு கையைத் தூக்கச் சொல்லித்தான் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தோம். எட்டாம் வகுப்பில் ஒரு பெண் பாதி உயர்த்திய கையை, பக்கத்து பெஞ்சைப் பார்த்துவிட்டு மெதுவாக இறக்கியதை நானே பார்த்தேன். அன்று யார் ஜெயித்தார்கள் என்பது இப்போது எனக்கு நினைவில் இல்லை, அந்தக் கை மட்டும் நினைவில் நிற்கிறது. அதனால் இந்த ஆண்டு முதல் ரகசிய வாக்குச்சீட்டு முறைதான். யார் யாருக்குப் போட்டார்கள் என்று ஆசிரியருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

முக்கிய நாட்கள்

வேட்புமனு வாங்கும் நாட்கள்: ஜூலை 9, 10, 11 (மதிய உணவு இடைவேளையில், நூலக அறையில்)
மனு பரிசீலனை: ஜூலை 14, திங்கள்
வாபஸ் வாங்கக் கடைசி நேரம்: ஜூலை 15, செவ்வாய், மாலை 4 மணி
சின்னம் ஒதுக்கீடு: ஜூலை 16, காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும்
பிரச்சாரம்: ஜூலை 16 முதல் 22 வரை
வாக்குப்பதிவும் எண்ணிக்கையும்: ஜூலை 25, வெள்ளி
பதவியேற்பு: ஜூலை 30, புதன்

24-ஆம் தேதி ஆடி அமாவாசை. பல வீடுகளில் குடும்பத்தோடு ஆற்றுக்குப் போவார்கள், பிள்ளைகள் வருகை குறையும். அதனால்தான் வாக்குப்பதிவை 25-க்கு வைத்திருக்கிறோம். 23, 24 இரண்டு நாளும் பிரச்சாரம் கிடையாது. யோசிப்பதற்கு அந்த இரண்டு நாள்.

என்னென்ன பதவிகள்

தலைவர், துணைத் தலைவர், நூலகச் செயலர், விளையாட்டுச் செயலர், சுகாதாரச் செயலர், சத்துணவுச் செயலர் ஆகிய ஆறு பேரையும் பள்ளி முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். தலைவர், துணைத் தலைவர் இருவரில் ஒருவர் கட்டாயம் மாணவியாக இருக்க வேண்டும். இருவரும் மாணவர்களாக வந்துவிட்டால், துணைத் தலைவர் பதவி அதே பதவிக்கு நின்ற மாணவிகளில் அதிக வாக்கு வாங்கியவருக்குப் போகும்.

இவர்கள் தவிர ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு மாணவர், ஒரு மாணவி பிரதிநிதிகளாக வருவார்கள். பத்துப் பிரிவுகள் என்பதால் பிரதிநிதிகள் இருபது பேர். அவர்களுக்கான வாக்கெடுப்பு அதே நாளில் வகுப்பறையிலேயே, வெள்ளைத்தாளில் பெயர் எழுதும் முறையில் நடக்கும்.

சுகாதாரச் செயலர் என்றால் பேருக்கு இருக்கும் பதவி என்று யாரும் நினைக்க வேண்டாம். மாணவியர் கழிவறையில் ஒரு தாழ்ப்பாள் உடைந்து மாதக்கணக்கில் கிடந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் புகார்ப் புத்தகத்தில் மூன்று முறை எழுதிய பிறகுதான் அது என் கண்ணில் பட்டு, ஆள் வரவழைத்து மாற்றினோம். அந்த மூன்று முறையை ஒரு முறையாகக் குறைப்பதுதான் இந்தப் பதவியின் வேலை.

யார் நிற்கலாம்

தலைவர், துணைத் தலைவர் பதவிகளுக்கு ஒன்பதாம் வகுப்பினர் மட்டும் நிற்கலாம். பத்தாம் வகுப்பினருக்கு இது வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனால் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பொதுத்தேர்வு நெருக்கடியில் மன்றக் கூட்டத்துக்கு வர முடியாமல் போவதை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவிட்டோம். பத்தாம் வகுப்பினர் வாக்குச்சாவடி அலுவலர்களாகவும், குறைதீர் குழுவிலும் இருப்பார்கள். செயலர் பதவிகளுக்கு எட்டு, ஒன்பதாம் வகுப்பினர் நிற்கலாம்.

மார்க் தகுதி கிடையாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைதான் தலைவராக வேண்டும் என்று எந்த ஆசிரியரும் வகுப்பில் சொல்லக்கூடாது. இதை ஆசிரியர் கூட்டத்திலும் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு தகுதியில் மட்டும் கறாராக இருப்போம். நூலகப் புத்தகம், விளையாட்டுப் பொருள், வகுப்பு நிதி என எதைக் கையில் வாங்கியிருந்தாலும், மனு கொடுக்கும் நாளுக்குள் திருப்பிக் கொடுத்து, கணக்கு ஒப்படைத்திருக்க வேண்டும். இது நாங்களாகக் கண்டுபிடித்த விதி இல்லை. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதிகள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதக்கூடாது என்பது அதில் ஒன்று. உறவினர் பங்கை நாம் விட்டுவிடுவோம். அண்ணன் பந்தைத் தொலைத்தால் தம்பி என்ன செய்வான்? அதே கல்வெட்டு, வேட்பாளருக்குக் கால் வேலிக்கு மேல் சொந்த நிலம் வேண்டும் என்றும் கேட்கிறது. அந்தப் பக்கமும் நமக்கு வேண்டாம். நிலமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் நடவுக்குக் கூலி போகிறவர்களின் பிள்ளைகளும் இங்கே சமமாக நிற்கலாம். கணக்கு விதி மட்டும் அப்படியே இருக்கட்டும்.

மனு

மனுவைக் கையால் எழுதினால் போதும். முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். இருவரில் ஒருவராவது வேட்பாளரின் பிரிவைச் சேராதவராக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு பதவிக்குத்தான் நிற்கலாம். டெபாசிட் எதுவும் இல்லை. மனுவின் கீழே இந்த வரிகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும்:

"நான் தேர்தல் விதிகளைப் படித்தேன். என்னிடம் பள்ளிக்குச் சேர வேண்டிய பொருளோ பணமோ இல்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவை ஏற்றுக்கொள்வேன். என் பெற்றோருக்கு இது தெரியும்."

சின்னங்கள்

1951–52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாதவரும் தயக்கமில்லாமல் வாக்களிக்கச் சின்னங்கள் உதவின. நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் வகுப்பினரின் பெயர்கள் இன்னும் பிடிபடவில்லை. அதனால் நமக்கும் சின்னம் உதவும். தவில், வீணை, தலையாட்டி பொம்மை, மரக்கால், முறம், நாற்றுமுடி, கயிற்றுக்கட்டில், பனை ஓலை விசிறி ஆகியவை இருக்கின்றன. குலுக்கல் முறையில் ஒதுக்குவோம். அரசியல் கட்சிகளின் சின்னமோ, கொடி நிறமோ, கோஷமோ எந்த வடிவிலும் வரக்கூடாது.

பிரச்சாரம்

செலவு வரம்பு: பூஜ்யம். ஒரு வேட்பாளர் ஐந்து சுவரொட்டிகள் வரை ஒட்டலாம். அவை கையால் வரைந்தவையாக, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்திலோ சார்ட்டிலோ இருக்க வேண்டும். ஃப்ளெக்ஸ், அச்சிட்ட நோட்டீஸ், பட்டாசு, மாலை, மிட்டாய், பேனா எதுவும் கூடாது. "சும்மா ஒரு சாக்லேட்தானே சார்" என்று கேட்பார்கள். ஒரு சாக்லேட் வாங்க முடியாத பிள்ளையும் நிற்கிறான் என்பதுதான் பதில்.

ஒவ்வொரு வகுப்பிலும் வேட்பாளர் மூன்று நிமிடம் பேசலாம், வகுப்பு இரண்டு கேள்வி கேட்கலாம். அதற்காகத் தினமும் கடைசிப் பாடவேளையில் இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். செய்ய முடிவதை மட்டும் சொல்லுங்கள். "ஏசி போடுவேன், பரீட்சையை நிறுத்துவேன்" என்பதெல்லாம் மன்றத்தின் கையில் இல்லை. குடிநீர்த் தொட்டியை வாரம் ஒரு முறை கழுவ வைப்பேன் என்றால், அது மன்றத்தின் கையில் இருக்கிறது.

சாதி, மதம், தெரு, ஊர்ப் பெயர் சொல்லி வாக்குக் கேட்டால் மனு அன்றே ரத்தாகும். கையில் நிறக் கயிறு கட்டி அடையாளம் காட்டுவதும் அதில் சேரும். இதற்கு எச்சரிக்கை எல்லாம் கிடையாது, நேராக ரத்துதான். போட்டியாளரின் உருவம், குடும்பம், பெற்றோர் தொழில் பற்றிக் கேலி பேசினாலும் இதே நடவடிக்கை.

பெற்றோர்களே, உங்கள் வாட்ஸ்ஆப் குழுக்களில் எந்தப் பிள்ளைக்கும் ஆதரவு திரட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாக்குப்பதிவு

25-ஆம் தேதி காலை 10 மணிக்குத் தொடங்கும். காலைப் பேருந்து தாமதமாகி, பிந்தி வரும் பிள்ளைகளுக்காக 12.30 வரை சாவடி திறந்திருக்கும். ஆறு, ஏழாம் வகுப்பினர் நூலக அறையிலும், எட்டு முதல் பத்து வரை அறிவியல் ஆய்வகத்திலும் வாக்களிக்கலாம். வருகைப் பதிவேட்டின் நகலே வாக்காளர் பட்டியல். அடையாள அட்டையை எடுத்து வாருங்கள். மறந்தால் வகுப்பாசிரியர் சொன்னால் போதும், திருப்பி அனுப்ப மாட்டோம்.

உள்ளே போனால் முதல் மேசையில் பெயர் சரிபார்ப்பு, அடுத்ததில் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் மார்க்கர் கோடு. அப்புறம் ஆறு நிறச் சீட்டுகள் தருவார்கள், பதவிக்கு ஒன்று. அட்டை மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்த சின்னத்துக்கு நேரே நீலப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். சீட்டை இரண்டாக மடித்து அந்தந்த நிறப் பெட்டியில் போடுங்கள். கடைசிக் கட்டத்தில் "இவர்களில் யாரும் இல்லை" என்றும் இருக்கும். நாட்டுத் தேர்தலில் 2013 முதல் உள்ள உரிமை அது, நமக்கும் உண்டு. அந்தக் கட்டம் மற்ற எல்லாரையும்விட அதிக வாக்கு வாங்கினால், அந்தப் பதவிக்கு மட்டும் புதிதாக மனு வாங்குவோம்.

பார்வை குறைவான பிள்ளை, கை அடிபட்ட பிள்ளை தனக்கு நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்து வரலாம். அன்று பள்ளிக்கு வராதவருக்காக வேறொருவர் வாக்களிக்க முடியாது.

எண்ணிக்கை

பிற்பகல் 2 மணிக்கு, எல்லார் கண்ணெதிரிலும், வழிபாட்டு மேடையில் எண்ணுவோம். வேட்பாளருக்கு ஒரு முகவர் பக்கத்தில் இருக்கலாம். சீட்டுகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுவோம். இரண்டு பேருக்குக் குறி போட்டிருந்தாலோ, தன் பெயரை எழுதியிருந்தாலோ செல்லாது. பெருக்கலுக்குப் பதில் டிக் போட்டிருந்தாலும் நோக்கம் தெளிவாகத் தெரிந்தால் செல்லும். ஆறாம் வகுப்புக் குழந்தையின் வாக்கைப் பேனா கோணியதற்காகத் தள்ளக் கூடாது.

சமமாக வந்தால் ஒரு முறை மறுபடி எண்ணுவோம். அப்போதும் சமம் என்றால், சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு பானையைக் கொண்டுவந்து, அந்தப் பெயர்களை ஓலை நறுக்கில் எழுதிப் போட்டு, ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வோம். உத்திரமேரூரிலும் சிறு பிள்ளையைக் கொண்டுதான் எடுத்தார்கள்.

குறை இருந்தால்

சமூக அறிவியல் ஆசிரியர் தேர்தல் அலுவலர். அவர் முடிவில் திருப்தி இல்லை என்றால் அன்று மாலைக்குள் குறைதீர் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். உடற்கல்வி ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாய், பத்தாம் வகுப்பு மாணவர் இருவர் அதில் இருப்பார்கள். குழுவின் முடிவு எனக்கும் பொருந்தும்.

ஜெயித்த பிறகு

மன்றம் மாதம் இரண்டு முறை, முதல், மூன்றாம் வெள்ளி மாலை கூடும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏழு வேலை நாட்களுக்குள் நான் பதில் எழுதுவேன், முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் சேர்த்து. மன்றத்தின் வரவு செலவு மாத இறுதியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். காரணம் சொல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரை, பிரிவுப் பிரதிநிதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் கேட்டால் மாற்றலாம்.

மனு எழுதத் தெரியவில்லை, மேடையில் பேசப் பயமாக இருக்கிறது என்றால், இந்த வாரம் தினமும் மாலை 4.15-க்கு நூலக அறைக்கு வாருங்கள். தமிழாசிரியரும் நானும் இருப்போம்.

தலைமை ஆசிரியர்