உணவு உற்பத்திக் கூடத்துக்குள் நுழையும் முன்: புதிய பணியாளர்களுக்கான சுகாதார நடைமுறை

பழைய நடைமுறைத்தாளுக்குப் பதில் இனி இதுவே. வரிசையை மாற்றாதீர்கள்.

1. வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்தால் உள்ளே வராதீர்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். சொன்னதற்காக யாரும் திட்டமாட்டார்கள்.
2. மோதிரம், வளையல், கடிகாரம், செல்போனை லாக்கரில் வையுங்கள்.
3. காயத்தை நீல நிற பிளாஸ்டரால் மூடுங்கள். உணவில் விழுந்தால் நீலம் சட்டென்று தெரியும்.
4. முதலில் தலைமுடியை மூடும் வலையை அணியுங்கள். காது, முன்முடி உள்ளே இருக்கிறதா? கண்ணாடியில் பாருங்கள்.
5. பிறகே கோட், பூட்ஸ். கோட்டை முதலில் போட்டால் உதிரும் முடி அதில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும்.
6. கையை நனைத்து, சோப்புப் போட்டு 20 விநாடி தேயுங்கள். விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண்: பலர் விடுவது இந்த மூன்றையும்தான்.
7. கழுவி, காகிதத் துண்டால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரக் கையில் சானிடைசர் நீர்த்துப்போகும்.
8. சானிடைசர் தடவி, உலர்ந்தபின் கையுறை.
9. மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்திட்டபின் உள்ளே செல்லுங்கள்.

கழிப்பறை செல்லும் முன் கோட்டைக் கழற்றுங்கள். திரும்பியதும் 4 முதல் மீண்டும். முகத்தையோ குப்பைத்தொட்டியையோ தொட்டால் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு 6 முதல் 8 வரை.