போன் எந்தக் கையில்?

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், ஒரு மாந்தோப்பை ஒட்டி முருகம்மாவின் இட்லிக் கடை. 2023 மே மாதம், விடிந்தும் விடியாத ஒரு காலையில், தக்காளி ஏற்றி வந்த குட்டியானை தோப்புக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்த மாரப்பனின் மொபெட்டில் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மாரப்பன் இறந்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் கிளம்பிய கையோடு முருகம்மா, ஓசூரில் இருந்த மகள் கவிதாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். அனுப்பியதை அப்புறம் மறந்தும் போனாள்.

மதியம் கடைக்கு வந்த போலீஸ்காரர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

"வண்டி எவ்வளவு வேகமா வந்து அடிச்சுதும்மா?"

"வேகமாத்தான் சார் வந்திருக்கும். ஆள் அவ்வளவு தூரம் போய் விழுந்திருக்காரே."

'வேகமாக வந்து மோதியதைப் பார்த்தேன்' என்று அவர் எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். முருகம்மா தலையாட்டினாள். போலீஸ் விசாரணை வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்குவதில்லை. அதனால் இன்னொரு தடவை யோசித்துப் பார்க்க அவளுக்கு ஒரு காரணமும் வரவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. கேள்வியிலேயே வேகம் இருந்தது, பதிலிலும் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாவு வீட்டில் மாரப்பனின் மகன் குமரேசன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சின்னம்மா, அவன் போன் பேசிக்கிட்டே ஓட்டினானாமே. நீங்க பார்த்தீங்களா?"

"நான் பார்க்கலையேப்பா."

"ஊரே சொல்லுது சின்னம்மா. நீங்க அங்கதானே இருந்தீங்க?"

மொட்டையடித்த தலையோடு எதிரே இருந்த பிள்ளைக்கு மறுபடியும் இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "கையில ஏதோ வெச்சிருந்தான்" என்றாள். அதில் பொய் இல்லை. டிரைவர் பையன் கையில் போன் இருந்தது. எப்போது இருந்தது என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதன்பின் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பால்காரர் கேட்டார். பஸ்ஸுக்கு நின்ற வாத்தியார் கேட்டார். மாங்காய் லோடு ஏற்ற வந்த ஆட்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். சொல்லச் சொல்ல அவளுக்குக் கதை கோர்வையாக வந்தது. முதலில் 'ஏதோ' என்றிருந்தது 'போன் மாதிரி' ஆனது. ஆடி மாதம் வருவதற்குள் 'மாதிரி' உதிர்ந்துபோனது.

நஷ்டஈட்டு வழக்குக்காக வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்தார். நல்ல மனிதர், வந்ததும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்.

"போன் எந்தக் கையில இருந்துச்சும்மா? வலது கையிலயா, இடது கையிலயா?"

முருகம்மா கண்ணை மூடிப் பார்த்தாள். பையன் தெரிந்தான். காதோடு சேர்த்துப் பிடித்த கை தெரிந்தது. "வலது கைதான் சார்" என்றாள். அன்றிலிருந்து அது வலது கைதான். ஸ்டியரிங்கில் இருந்தது இடது கை மட்டும். அந்த இடது கையைக்கூட அவளால் பார்க்க முடிந்தது.

இரண்டு வருஷம் கழித்து, விபத்து வழக்கில் சாட்சி சொல்ல சம்மன் வந்தது. முதல் நாள் சாயங்காலம் கவிதா ஓசூரிலிருந்து துணைக்கு வந்தாள். கல்லூரியில் உளவியல் படித்தவள்.

"என்ன சொல்லப் போறேம்மா?"

முருகம்மா சொன்னாள். பையன் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தானாம், ரோட்டைப் பார்க்கவே இல்லையாம். கவிதாவுக்கு ஏதோ இடித்தது. பழைய செய்திகளில் தேடித் தேடி, 2023 மே மாதத்துக்குப் போய், அம்மா பேசி அனுப்பியதைப் போட்டாள்.

'கவி, நம்ம கடைகிட்ட ஆக்சிடென்ட்டுடி. மாவு ஊத்திக்கிட்டு இருந்தேன், டமார்னு சத்தம். திரும்பிப் பார்த்தா மாரப்பண்ணன் கீழ கிடக்கார். ரோடு பூரா தக்காளி. ஒரு நாய் கத்திக்கிட்டே தோப்புக்குள்ள ஓடுது. அதுமேல ஏத்தாம இருக்கத்தான் அண்ணன் வண்டியை ஒடிச்சாரோ என்னமோ. டிரைவர் சின்னப் பையன்டி. அழுதுக்கிட்டே நூத்தியெட்டுக்குப் போன் போடுறான்...'

முருகம்மா மறுபடியும் போடச் சொன்னாள்.

"நாயா?" என்றாள். "நாய் எங்கடி வந்துச்சு?"

"நீதாம்மா சொல்றே."

"பதட்டத்துல ஏதாவது உளறியிருப்பேன். போன் பேசிக்கிட்டு வந்ததை நான் கண்ணால பார்த்தேன் கவி. இப்பவும் தெரியுது."

பொய் சொல்கிறவள் முகம் அது இல்லை என்பதுதான் கவிதாவுக்குப் பயமாக இருந்தது. படித்ததை எடுத்துச் சொன்னாள். 1974ல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்று இரண்டு பேர் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று சிலரிடம் கேட்டார்கள், 'நொறுங்க மோதியபோது' என்ன வேகம் என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்றார்கள். இடித்தபோது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்தோம் என்றார்கள். நொறுங்க மோதியபோது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர்.

"கண்ணாடி உடைஞ்சுதா, இல்லையா?"

"படத்துல கண்ணாடியே உடையலைம்மா."

முருகம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் கோபமாகவே கேட்டாள்: "அப்போ என் கண்ணுல இருக்கிறது யாரோடது?"

மறுநாள் கோர்ட்டில் டவாலி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். கூண்டில் ஏறி சத்தியம் செய்தாள். எதிரே அந்தப் பையன் நின்றான், இப்போது மீசை வைத்திருந்தான். பின்பெஞ்சில் குமரேசனும் அவன் அம்மாவும்.

"சம்பவத்தன்று என்ன பார்த்தீர்கள்?" என்றார் அரசு வக்கீல்.

"சத்தம் கேட்டுத்தான் சார் திரும்பினேன்."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "வேகமாக வந்து மோதியதைப் பார்த்ததாகப் போலீசில் சொன்னீர்களே?"

"வேகமா வந்திருக்கும்னு சொன்னேன். மோதினதை நான் பார்க்கலை."

"செல்போன்?"

அவள் பையனைப் பார்த்தாள். வலது கை, காது, சிரிப்பு, எல்லாம் அப்படியே வந்தன.

"போன் பேசிக்கிட்டே வந்தது என் கண்ணுக்குள்ள இருக்குது சார். சத்தியமா இருக்குது. ஆனா சத்தத்துக்கு அப்புறம் திரும்பினவ, அதுக்கு முன்னாடி நடந்ததை எப்படிப் பார்த்திருப்பேன்? விழுந்ததுக்கு அப்புறம் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டானே, அதைப் பார்த்தேன்."

இவரைப் பிறழ் சாட்சியாகக் கருத வேண்டும் என்று அரசு வக்கீல் அனுமதி கேட்டார். மாஜிஸ்திரேட் அனுமதித்தார். எவ்வளவு பணம் வாங்கினாய் என்கிற அர்த்தத்தில் அடுத்த கேள்வி வந்தது. முருகம்மா அழவில்லை, "யார்கிட்டயும் கை நீட்டலை சார்" என்றாள். குறுக்கே நாய் ஏதும் வந்ததா என்று பையனின் வக்கீல் கேட்டபோது, "நான் சொன்னதாப் போன்ல இருக்குது, எனக்கு ஞாபகமில்லை" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோது குமரேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் அம்மா மட்டும் ஒரு நிமிஷம் நின்று, எதுவும் சொல்லாமல் அவன் பின்னாலேயே போனாள். முருகம்மாவை எது உடைத்ததென்றால் அதுதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

ராயக்கோட்டை பஸ் கிளம்பி ஊரைத் தாண்டிய பிறகு கேட்டாள்: "கவி, அந்த நாய் செவலைதானே? நம்ம கடையில சுத்திக்கிட்டு இருந்துச்சே, அதுதானே?"

கவிதாவுக்கு ஆமாம் என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. சொன்னால் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பேசினதுல கலர் இல்லம்மா. உனக்கு என்ன தெரியுது?"

முருகம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"ஒண்ணும் தெரியலைடி" என்றாள்.

"சரி, அப்போ அப்படியே இருக்கட்டும்" என்றாள் கவிதா.